நிகழ்வு ஆய்வு வினாக்கள் (குடிமைப் பணித் தேர்வு)

நிகழ்வு ஆய்வு வினா என்பது அரசுப் பணித் தேர்வுகளில் தேர்வரை ஓர் அலுவலரின் இடத்தில் நிறுத்தி, ஒரு சிக்கலான சூழலை விவரித்து, அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வினாவகை ஆகும். இவ்வகை வினாக்களில் தரப்படும் செயல்களில் பல சரியானவையாகவே தோன்றும். அவற்றுள் அச்சூழலுக்கு மிகவும் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பதே தேர்வரின் பணி. நல்லது எது, தீயது எது என்று பிரிப்பதை விட, நல்லவை பலவற்றுள் இப்போது முதலில் செய்யத்தக்கது எது என்று முடிவு செய்வதையே இவ்வினாக்கள் சோதிக்கின்றன.

இக்கட்டுரை அத்தகைய வினா ஒன்றைத் தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தில் நிகழ்வதாக அமைத்து, அதன் விடையை எவ்வாறு கண்டடைவது என்பதை விளக்குகிறது.

## தேர்வில் இவ்வினாக்களின் இடம்

ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் இவ்வகை வினாக்கள் இரண்டு வடிவங்களில் வந்துள்ளன.

முதல் வடிவம் முதனிலைத் தேர்வின் இரண்டாம் தாள். 2011ஆம் ஆண்டு அறிமுகமான இத்தாளின் பாடத்திட்டத்தில் முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல் என்னும் தலைப்பு உள்ளது. அவ்வாண்டின் தாளில் இத்தலைப்பில் 8 வினாக்கள் இடம்பெற்றன. மற்ற வினாக்களில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. இவ்வினாக்களில் அவ்வாறு குறைக்கப்படவில்லை. மிகப் பொருத்தமான விடைக்கும் ஓரளவு பொருத்தமான விடைக்கும் வெவ்வேறு மதிப்பெண் வழங்கும் முறையை ஆணையம் தன் அறிவிக்கையில் குறிப்பிட்டிருந்தது. அதாவது, "சரி" "தவறு" என்னும் இரண்டு பெட்டிகளில் விடைகளை அடைக்க முடியாது என்பதை மதிப்பெண் முறையே ஏற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இவ்வினாக்கள் முதனிலைத் தேர்வில் அருகிவிட்டன.

இரண்டாம் வடிவம் முதன்மைத் தேர்வின் பொது அறிவு நான்காம் தாள். அறவியல், நேர்மை, உளச்சார்பு ஆகியவற்றைப் பற்றிய இத்தாள் 2013ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. மொத்த மதிப்பெண் 250, நேரம் 3 மணி. இதன் இரண்டாம் பகுதி முழுவதும் நிகழ்வு ஆய்வுகளால் ஆனது. அண்மைக்காலத் தாள்களில் தலா 20 மதிப்பெண் கொண்ட 6 நிகழ்வுகள் தரப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 250 சொற்களில் விடை எழுத வேண்டும். இங்குத் தெரிவுகளைத் தேர்வரே முன்வைத்து, எடைபோட்டு, ஒன்றைத் தெரிந்தெடுத்துக் காரணம் கூற வேண்டும்.

## பல விடைகள் சரியாகத் தோன்றுவது ஏன்

2011ஆம் ஆண்டு முதனிலைத் தேர்வில் வந்த ஒரு வினாவைச் சுருக்கமாகக் காணலாம். வெள்ளம் சூழ்ந்த பகுதிக்கு உடனடியாகப் படகுகளை வாடகைக்கு அமர்த்தும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டுள்ளது. படகு உரிமையாளர்கள் கேட்கும் வாடகையில் மிகக் குறைந்ததே அரசு ஏற்ற வீதத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கிறது. நீங்கள் விலைகளை மறுத்துப் புதிதாகக் கேட்பீர்களா? குறைந்த விலையை ஏற்பீர்களா? அரசுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பீர்களா? உரிமத்தை நீக்கிவிடுவதாக உரிமையாளர்களை மிரட்டுவீர்களா?

அலுவலக நாள் ஒன்றில் நாற்காலி வாங்குவதானால் முதல் விடையும் மூன்றாம் விடையும் மிகச் சரியானவை. பொதுப்பணத்தைக் காப்பது அலுவலரின் கடமை. ஆனால் இங்கே நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. கூடுதலாகக் கொடுத்த வாடகையைப் பின்னர் விசாரிக்கலாம், தணிக்கை செய்யலாம், விளக்கம் கேட்கலாம். மூழ்கிய உயிரைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே குறைந்த விலையை ஏற்றுக் காரணத்தைக் கோப்பில் பதிவு செய்வதே பொருந்துகிறது. நான்காம் விடையும் விரைவாகப் படகைக் கொண்டுவரக்கூடும். ஆயினும் வேறொரு நோக்கத்துக்காகத் தரப்பட்ட அதிகாரத்தை மிரட்டலுக்குப் பயன்படுத்துவதால் அது விலக்கப்படுகிறது.

இந்த வினாவிலிருந்து மூன்று கேள்விகளைப் பிரித்தெடுக்கலாம். ஒன்று, இச்சூழலில் திரும்பப் பெற முடியாத இழப்பு எது, அதற்கு எவ்வளவு நேரம் உள்ளது? இரண்டு, இச்செயலைச் செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது? மூன்று, இதைச் செய்த பின் மற்ற நல்ல செயல்களுக்கு வழி திறந்திருக்கிறதா, மூடிவிடுகிறதா? கீழே வரும் நிகழ்வில் இம்மூன்றும் பயன்படுத்தப்படுகின்றன.

## மாதிரி நிகழ்வு: நல்லம்பள்ளி

நல்லம்பள்ளி, தருமபுரி நகருக்குத் தெற்கே சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். வட்டத்திற்கும் ஊராட்சி ஒன்றியத்திற்கும் தலைமையிடம். பின்வரும் நிகழ்வும் அதில் வரும் மனிதர்களும் கற்பனை. சட்டங்களும் அலுவலகங்களும் உண்மையானவை.

> நீங்கள் நல்லம்பள்ளி ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒருநாள் மாலை 6 மணிக்கு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். தம் வகுப்பில் படிக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவி நான்கு நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை என்றும், நாளை விடியற்காலை 5 மணிக்கு ஊர்க் கோயிலில் அவளுக்குத் திருமணம் என்றும் கூறுகிறார். தம் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார். மணமகன் 27 வயதான உறவினர். பெண்ணின் தந்தை பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். சற்று நேரத்தில் ஊராட்சித் தலைவர் உங்களைக் காண வருகிறார். பெண்ணுக்கு 18 வயது நிறைந்துவிட்டதாகக் காட்டும் ஆதார் அட்டை நகலைத் தருகிறார். "கடன் வாங்கிப் பந்தல் போட்டுவிட்டார்கள் ஐயா, பெண்ணுக்கும் சம்மதந்தான். நின்றுபோனால் அந்தக் குடும்பம் ஊரில் தலை நிமிர முடியாது" என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?
>
> (அ) தந்தையையும் மணமகனையும் உடனே கைது செய்யுமாறு காவல் நிலையத்தைக் கேட்பேன்.
>
> (ஆ) ஊராட்சித் தலைவருடன் பெண்ணின் வீட்டிற்குச் சென்று, பெற்றோருக்கு எடுத்துரைத்து, 18 வயது நிறையும் வரை திருமணம் செய்வதில்லை என்று எழுதி வாங்குவேன்.
>
> (இ) மாவட்ட சமூக நல அலுவலருக்கும் 1098 எண்ணுக்கும் தகவல் தந்து, சமூக நல விரிவாக்க அலுவலருடனும் காவலருடனும் இன்றிரவே அங்குச் சென்று, வயதைப் பள்ளிப் பதிவால் உறுதி செய்து, பெண்ணின் பாதுகாப்புக்கும் நீதிமன்றத் தடையாணைக்கும் ஏற்பாடு செய்வேன்.
>
> (ஈ) இரு தரப்புத் தகவலையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வடிவில் அறிக்கை அனுப்பி, அவருடைய உத்தரவின்படி நடப்பேன்.

இந்நான்கில் தீய செயல் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. (அ) சட்டத்தை நிலைநாட்ட முயல்கிறது. (ஆ) குடும்பத்தின் மானத்தைக் காக்கிறது. (ஈ) இரு பக்கத்தையும் கேட்டு, படிநிலையை மதிக்கிறது. இவ்வினா கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

## விடைக்குத் தேவையான சட்டம்

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 18 வயது நிறையாத பெண்ணையும் 21 வயது நிறையாத ஆணையும் குழந்தை என வரையறுக்கிறது. இருவரில் ஒருவர் குழந்தையாக இருந்தாலும் அது குழந்தைத் திருமணமே. இதன் கீழ் வரும் குற்றங்கள் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியவை, பிணையில் விட இயலாதவை. பெண்ணின் சம்மதம் இத்திருமணத்தைச் சட்டப்படியானதாக ஆக்காது.

இந்நிகழ்வின் மையமான கருத்து, நடந்து முடிந்த குழந்தைத் திருமணத்தின் நிலை பற்றியது. இத்தகைய திருமணம் தானாகவே செல்லாததாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பொதுவாக அது "செல்லாததாக்கத்தக்கது" மட்டுமே. குழந்தையாக இருந்தபோது மணம் செய்விக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து அதை நீக்கிக்கொள்ள வேண்டும். அம்மனுவை அவர் வயது வந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் தர வேண்டும். மனுத் தராவிட்டால் திருமணம் நிலைத்துவிடும். கணவர் வீட்டில் வாழும் இளம்பெண் ஒருத்தி தன் குடும்பம் முழுவதையும் எதிர்த்து நீதிமன்றம் செல்வது எவ்வளவு அரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாறாக, 13ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் திருமணத்தைத் தடுத்து ஆணை பிறப்பிக்கலாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் விண்ணப்பிக்கலாம். திருமணம் நடக்கவிருப்பதை நேரில் அறிந்தவரோ அவ்வாறு நம்பக் காரணம் உள்ளவரோ எவரும் முறையிடலாம். வழக்கமாக எதிர்த்தரப்புக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவசரமானால் அறிவிப்பின்றியே இடைக்காலத் தடையாணை வழங்கலாம். இவ்வாணையை மீறி நடக்கும் திருமணம் 14ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாதது. ஆக, தாலி கட்டுவதற்கு முன் வரும் ஒரு தாளும் கட்டிய பின் வரும் ஒரு வழக்கும் ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. முன்னதில் சுமை அரசின் தோளில் உள்ளது. பின்னதில் அது பெண்ணின் தோளுக்கு மாறுகிறது.

2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இங்குப் பயன்படுகிறது. உரிய வயதுக்கு முன் திருமணம் செய்விக்கப்படும் உடனடி ஆபத்தில் உள்ள குழந்தையை, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளுள் ஒருவராக அச்சட்டம் சேர்த்துள்ளது. அத்தகைய குழந்தையை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு கூடாத நேரத்தில் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். எனவே "இரவாகிவிட்டது" என்பது தடையாகாது.

வயதைப் பற்றிய ஐயத்திற்கும் இதே சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை காட்டுகிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிச் சோதனை. ஆதார் இவ்வரிசையில் இல்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கும். ஆகவே ஊராட்சித் தலைவர் தந்த நகலைப் பொய் என்று கூற வேண்டியதில்லை. அதனை விட முன்னுரிமை பெற்ற ஆவணத்தைப் பார்ப்பதே போதும்.

## விடைகளை எடைபோடுதல்

(அ) கைது. இரவு 7 மணிக்கு மணம் இன்னும் நடக்கவில்லை. எனவே குழந்தையை மணந்துகொண்ட குற்றத்தை மணமகன் இன்னும் புரியவில்லை. வயதும் உறுதியாகவில்லை. கைது நடந்தாலும், பெண் அதே வீட்டில், அதே உறவினர்களிடையே இருப்பாள். மணத்தை நிறுத்தும் ஆணையும் இராது. தந்தையைச் சிறைக்கு அனுப்பியவள் என்ற பழி அவள் மேல் விழும். காவல்துறை தேவையே. ஆனால் அது இங்கே துணையாக வர வேண்டுமேயன்றி முதற்செயலாக அல்ல. குழந்தைத் திருமணம் குறித்து உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பும் தடுப்பை முதலிலும், பாதுகாப்பை அடுத்தும், தண்டனையை அதன் பின்னும் வைக்கிறது.

(ஆ) எழுதி வாங்குதல். நான்கில் தேர்வரை மிகுதியாகக் கவர்வது இதுவே. மென்மையானது, விரைவானது, ஊரின் ஒத்துழைப்பும் உடையது. இதன் குறை, அந்தத் தாளுக்குப் பின்னால் நீதிமன்றம் இல்லை என்பது. உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு அன்றிரவே வேறோர் ஊரில், வேறொரு கோயிலில் தாலி கட்டுவதை அது தடுக்காது. அவ்வாறு நடந்தால் திருமணம் செல்லாததாவதில்லை. செல்லாததாக்கத்தக்கதாக மட்டுமே ஆகும். மேலும், திருமணம் நடக்க வேண்டும் என்று வாதாடியவரையே உடன் அழைத்துச் செல்வதால் பெண் தன் மனத்தைத் திறந்து பேசும் வாய்ப்பும் மூடுகிறது.

உறுதிமொழி வெறும் சடங்காகிவிட்டதைச் சில அறிகுறிகளால் உணரலாம். பந்தல் பிரிக்கப்படும், ஆனால் வெளியூர் உறவினர் கிளம்ப மாட்டார்கள். பெண் "பாட்டி வீட்டிற்குப் போயிருக்கிறாள்" என்பார்கள். மறுவாரமும் பள்ளி வருகைப் பதிவில் அவள் பெயருக்கு எதிரே வருகை இராது.

(ஈ) அறிக்கை. கடிதம் ஆட்சியர் பார்வைக்குச் சென்று உத்தரவாகத் திரும்புவதற்குள் விடிந்துவிடும். அத்துடன், இச்செயலுக்கு ஆட்சியரின் உத்தரவு தேவையும் இல்லை. 1098 எண்ணை எவரும் அழைக்கலாம். நடுவரிடம் எவரும் முறையிடலாம். தேவையற்ற அனுமதிக்காகக் காத்திருப்பது பணிவு போலத் தோன்றினாலும், பொறுப்பை வேறொருவர் மேசைக்குத் தள்ளுவதாகவே முடியும். ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். செயல்பட்டுக்கொண்டே தர வேண்டும்.

(இ) கூட்டுச் செயல். வட்டார வளர்ச்சி அலுவலர் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அல்லர். தமிழ்நாட்டில் அப்பொறுப்பு மாவட்ட சமூக நல அலுவலருக்கு உரியது. தடையாணை வழங்கும் அதிகாரம் நடுவருக்கும், பெண்ணை எங்கே தங்கவைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்கும் உரியவை. (இ) அவரவர் அதிகாரத்தை அவரவர் கையிலேயே வைத்து, அவர்களை ஓரிரவுக்குள் ஒன்று சேர்க்கிறது. மீளாத இழப்பை அது தடுக்கிறது. மேலும், அது மற்ற விடைகளில் உள்ள நன்மைகளுக்கு வழியை அடைப்பதில்லை. பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம், ஆட்சியருக்கு எழுதலாம், குற்றம் நிகழ்ந்தால் வழக்கும் தொடரலாம். எனவே (இ) மிகப் பொருத்தமானது.

தரவரிசை வேண்டுமாயின் (இ)க்கு அடுத்து (ஆ) வரும். அது குறைந்தபட்சம் அன்றிரவே அந்த வீட்டை அடைகிறது. (அ) அதற்கும், (ஈ) இறுதிக்கும் உரியவை.

## அன்றிரவின் செயல்வரிசை

விரித்தெழுதும் தாளில் (இ)யை மட்டும் குறிப்பிட்டால் போதாது, படிகளையும் காட்ட வேண்டும். மாலை 6 மணிக்கும் விடியல் 5 மணிக்கும் இடையே உள்ள 11 மணி நேரம் பின்வருமாறு பயன்படலாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் தொலைபேசித் தகவல்கள்: மாவட்ட சமூக நல அலுவலர், 1098, காவல் நிலையம். அழைத்த நேரமும் பேசியவரின் பதவியும் குறித்து வைக்கப்படும். ஆசிரியையின் பெயர் இக்குறிப்பில் இடம்பெறாது. "தகவல் கிடைத்தது" என்று பதிவு செய்தாலே போதும். நான்கு நாள் வராமையும் பதிவேடும் அறிந்தவர் பள்ளியில் சிலரே என்பதால், "பள்ளியிலிருந்து தகவல்" என்று எழுதுவது கூட அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அவருடைய வேண்டுகோள் வினாவில் தற்செயலாக வந்ததன்று. தேர்வர் அதைக் கவனித்தாரா என்பதையும் திருத்துபவர் பார்ப்பார்.

அடுத்து, தலைமை ஆசிரியரிடம் பிறந்த தேதிப் பதிவைக் கேட்டுப் பெறுதல். ஆசிரியையைக் காக்கும் பொருட்டு இக்கோரிக்கையைத் தடுப்பு அலுவலரின் பெயரில் அனுப்புவது நன்று. வயது 18க்குக் குறைவு என்று தெரிந்ததும் குழு வீட்டிற்குச் செல்கிறது. அக்குழுவில் பெண் காவலர் இருக்க வேண்டும். பெண்ணைத் தனியே வைத்து, பெண் அலுவலர் ஒருவர் பேச வேண்டும். அவளுடைய சம்மதம் சட்டத்தை மாற்றாது என்றாலும், அவளுடைய பேச்சு அடுத்த முடிவை மாற்றும். வீட்டில் அச்சமின்றி இருக்கலாம் என்றால் ஒரு வகை ஏற்பாடு. மிரட்டல் இருக்கிறது என்றால் குழு உறுப்பினர் வழியாகப் பாதுகாப்பான இடம்.

காலையில் தடுப்பு அலுவலர் நடுவரிடம் இடைக்காலத் தடையாணை கோருவார். திருமண நேரம் கடந்துவிட்டதால் இது தேவையற்றது என்று எண்ணலாகாது. மணம் ஒத்திப்போடப்பட்டிருக்கிறதே தவிரக் கைவிடப்படவில்லை. அடுத்த வாரம் வேறு மாவட்டத்தில் நடக்கவிருக்கும் திருமணத்திற்கு எதிராகவே இவ்வாணை பயன்படும்.

கடைசிப் படி பின்தொடர்தல். தந்தையின் கடனும் படிப்புச் செலவும் அப்படியே இருந்தால் ஆறு மாதத்தில் அதே திருமணம் மீண்டும் வரும். இங்கே வட்டார வளர்ச்சி அலுவலரின் சொந்த அதிகாரம் பயன்படத் தொடங்குகிறது. மாணவியை அரசு விடுதியில் சேர்க்க உதவுதல், பள்ளி வருகையை மாதந்தோறும் கேட்டறிதல் ஆகியவற்றை அவர் செய்யலாம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. "இன்னும் இரண்டாண்டு பொறுத்தால் என்ன கிடைக்கும்" என்று கேட்கும் தந்தைக்கு இத்தகைய குறிப்பான விடையே பயன்படும்.

## நிகழ்வு மாறினால் விடையும் மாறும்

மேற்கண்ட வினாவில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பார்ப்பது, விடை எதைப் பொறுத்து அமைந்தது என்பதைத் தெளிவாக்கும்.

திருமணம் மூன்று வாரம் கழித்து நடக்கவிருந்தால், தடுப்பு அலுவலருக்குத் தகவல் தருவது அப்போதும் முதற்படியே. ஆனால் நள்ளிரவில் காவலருடன் செல்வது மிகையாகிவிடும். பெற்றோருடன் பலமுறை பேசவும், முறையான அறிவிப்புடன் தடையாணை பெறவும் நேரம் உண்டு. (ஆ)வில் உள்ள எடுத்துரைத்தல் அப்போது பெரும்பங்கு பெறும்.

திருமணம் நேற்றே முடிந்திருந்தால் தடையாணைக்கு இடமில்லை. குழந்தைகள் நலக் குழு, பெண்ணின் விருப்பம், 3ஆம் பிரிவின் கீழ் மனு, குற்ற வழக்கு ஆகியவையே மீதி. 18 வயதுக்குட்பட்ட மனைவியுடன் கொள்ளும் பாலுறவும் வன்புணர்வே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே காவல்துறையின் பங்கு இங்கே முதன்மை பெறும். முன்பு பின்தள்ளப்பட்ட (அ)வின் உள்ளடக்கம் இப்போது முன்னுக்கு வருகிறது.

"நீங்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியை" என்று வினா தொடங்கினால், வீட்டிற்குச் சென்று வாதிடுவது பொருந்தாது. அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. 1098ஐ அழைத்துப் பதிவேட்டைத் தயாராக வைப்பதே அவருக்குரிய மிகப் பொருத்தமான செயல். அலுவலருக்குக் குறைவாகத் தெரியும் ஒரு செயல் ஆசிரியைக்கு முழுமையான விடையாகிறது.

## பொதுவான பிழைகள்

வினாவில் இல்லாத செய்தியைச் சேர்த்தல் முதற்பிழை. ஊராட்சித் தலைவர் பணம் பெற்றிருப்பார் என்றோ, ஆதார் அட்டை திருத்தப்பட்டது என்றோ வினா கூறவில்லை. அவ்வாறு கருதிக்கொண்டு எழுதும் விடை வேறொரு வினாவுக்கு உரியதாகிவிடும்.

இரண்டாவது, சூத்திரங்களை நம்புதல். "மேலதிகாரிக்கு அனுப்பும் விடை எப்போதும் தவறு", "கடுமையான விடை எப்போதும் தவறு" என்னும் குறுக்குவழிகள் தேர்வர்களிடையே வழங்குகின்றன. மேலதிகாரியின் அனுமதி சட்டப்படி தேவையானதும், காத்திருப்பதால் இழப்பு இல்லாததுமான நிகழ்வில் (ஈ) போன்ற விடையே சரியாக இருக்கும். விடையின் தோற்றத்தை விட அது நிற்கும் நேரமும் கையுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

மூன்றாவது, விரித்தெழுதும் தாளில் எல்லாவற்றையும் செய்வதாக எழுதுதல். கைதும் செய்வேன், எழுதியும் வாங்குவேன், ஆட்சியருக்கும் எழுதுவேன், தடையாணையும் பெறுவேன் என்று அடுக்குவது முழுமையான விடை போலத் தோன்றும். எது முதலில் என்பதை அது சொல்லாது. வினா கேட்டதே அதுதான்.

## வரம்புகள்

எழுத்துத் தேர்வால் தேர்வரின் தீர்ப்புத் திறனை ஓரளவு அளக்க முடியும். மாலை 6 மணிக்கு வரும் அழைப்பை அவர் எடுப்பாரா என்பதை அளக்க முடியாது. தாளில் வயதும் நேரமும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். களத்தில் அழைப்பவர் பாதியில் துண்டிப்பார், ஊரின் பெயர் தவறாக இருக்கும், பதிவேடு பூட்டிய அறையில் இருக்கும். (இ)யைத் தேர்ந்தவரும் களத்தில் சோர்ந்து (ஆ)வோடு திரும்பிவிடக்கூடும். எழுதி வாங்கிய தாள் கோப்பில் சேர்ந்துவிட்டால் பணி முடிந்தது போலவே தோன்றும். அது முடிந்ததா என்பதை மறுவாரம் பள்ளி வருகைப் பதிவேட்டில் அம்மாணவியின் பெயருக்கு எதிரே பார்த்துத்தான் அறிய முடியும்.